நேரம் எழுதியும் சாப்டர் வரவில்லையே, ஏன்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பினாங்கு தைப்பூசக் காணொளியை யூடியூப்பில் ஏற்றி, டிஸ்கிரிப்ஷனில் நேரங்களையும் எழுதிவிட்டேன். எல்லாம் நீல நிறத்தில் தெரிகிறது, ஆனால் சாப்டர் வரவில்லை. மற்ற காணொளிகளுக்கு வழிகாட்டும் கார்டும் எண்ட் ஸ்கிரீனும் கூடக் காணோம். காணொளியின் நீளம் 18:40. அவர் எழுதிய பட்டியல் இது:

```
0:05 தங்க ரதம் புறப்பாடு
4:20 தேங்காய் உடைத்தல்
4:27 காவடிகள்
12:40 தண்ணீர்மலை
```

நீல நிறத்தை நம்ப வேண்டாம். டிஸ்கிரிப்ஷனில் எழுதும் எந்த நேரமும் தானாகவே இணைப்பாகிவிடும். சாப்டர் அமைந்ததற்கு அது சான்று அல்ல. சாப்டர் என்பது இந்த எழுத்தைப் படித்து, காணொளியின் நேரப் பட்டையை யூடியூப் பகுதிகளாகப் பிரிப்பதுதான். அழகே இங்குதான் இருக்கிறது: நாம் தொடக்கத்தை மட்டும் எழுதுகிறோம், முடிவை எங்கும் எழுதுவதில்லை. அடுத்த வரியின் தொடக்கமே முந்தைய பகுதியின் முடிவு. அதனால்தான் முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் 5 வினாடிகள் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். குறைந்தது 3 நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 வினாடியாவது நீள வேண்டும். இவர் பட்டியலில் தேங்காய்க்குக் கிடைத்தது 7 வினாடி, அதாவது முழுப் பட்டையில் 160-இல் ஒரு பங்கு. கைபேசியில் விரல் வைக்கவே அந்த இடம் போதாது.

முதல் வரியை 0:00 என்றும், காவடியை 4:35 என்றும் மாற்றிச் சேமித்தால் போதும். பிறகு கணினியில் இன்காக்னிட்டோ சன்னலில் காணொளியைத் திறந்து பாருங்கள். பட்டையில் சிறு இடைவெளிகள் விழுந்து, நேரத்துக்குப் பக்கத்தில் பகுதியின் தலைப்பு வந்தால் சாப்டர் உயிரோடு இருக்கிறது. நீங்கள் எழுதாத தலைப்புகள் தெரிந்தால், அவை யூடியூப் தானாகப் போட்டவை. உங்கள் பட்டியல் ஏற்கப்படவில்லை என்று பொருள். பட்டியல் சரியாக இருந்தும் வராவிட்டால், சேனலில் விதிமீறலுக்கான ஸ்டிரைக் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் சாப்டர் கிடைக்காது.

கார்டும் எண்ட் ஸ்கிரீனும் சேர்ந்தே மறைந்தால் முதல் சந்தேகம் `Made for kids` மீதுதான். யூடியூப் ஸ்டூடியோவில் `Content` பக்கத்தின் `Restrictions` நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே அந்தச் சொல் இருந்தால் இரண்டும் வராது. நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் யூடியூப்பே அப்படிக் குறித்திருக்கலாம்.

அப்படி இல்லையென்றால் நேரத்தைக் கவனியுங்கள். எண்ட் ஸ்கிரீன் கடைசி 5 முதல் 20 வினாடிக்குள்தான் வரும். அது திரையில் இருக்கும்போது கார்டு எட்டிப் பார்க்காது. இந்தக் காணொளியில் எண்ட் ஸ்கிரீன் 18:20-இல் தொடங்கினால், 18:30-இல் வைத்த கார்டு பார்வையாளருக்குத் தெரியாது. அதை 18:00-க்கு நகர்த்துங்கள்.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. அதே டிஸ்கிரிப்ஷனை ஒட்டினால் அதே பிழைதான் வரும். அதுவரை சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் வீணாகப் போய்விடும்.