வளைகாப்பு அதிரசமும் தினசரி மால்ட் பாலும்

ஏழாம் மாதம் வளைகாப்பு. தாம்பாளத்தில் அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும் வந்து இறங்கும் அதே மாதங்களில்தான் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நெருங்குகின்றன. அவை தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டாமல் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். அதற்கு முடியாமல்போனால் வருவதுதான் கர்ப்பகால நீரிழிவு.

நஞ்சுக்கொடி வழியாகக் குளுக்கோஸ் கடந்துபோகும், தாயின் இன்சுலின் போகாது. எனவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. கொழுப்பு சேர்ந்து எடை கூடுகிறது. பிறந்ததும் தாயிடமிருந்து வந்த வரத்து சட்டென நின்றுவிட, இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தையின் சர்க்கரை அளவு இறங்கிவிடக்கூடும்.

சரி, அதிரசத்துக்கு வருவோம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வைத்தால், 40 கிராம் எடையுள்ள ஒரு அதிரசத்தில், எண்ணெயும் ஈரமும் போக, சுமார் 13 கிராம் வெல்லம் இருக்கும். கூடவே வரும் அரிசி மாவும் குளுக்கோஸாகத்தான் மாறும். "வெல்லம்தானே, ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சர்க்கரையேதான்.

இப்போது மால்ட் பால். டப்பாவின் பின்புறம் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு 30 கிராம் பொடி போட்டால் 9 கிராம் சர்க்கரை. ருசிக்காக வீட்டில் போடும் ஒரு தேக்கரண்டி 4 கிராம். ஆக 13. காலையும் மாலையும் குடித்தால் தினம் இரண்டு அதிரச வெல்லம், அதுவும் "சத்துக்காக"! பொருட்பட்டியலில் லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருப்பவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். என் கணக்கில் அதிரசத்துக்கு முன்னால் குறைக்க வேண்டியது இந்த டம்ளரைத்தான்.

இனிப்பு கேட்கும் நாக்கை அடக்கிப் பட்டினி கிடப்பது உதவாது. இடைவெளி நீண்டால் பசி முற்றி, கையில் கிடைத்ததை அள்ளச் சொல்லும். வெறும் வயிற்றில், குறிப்பாகக் காலையில், இனிப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. காலையில் இன்சுலின் இன்னும் மந்தம். மதியம் சுண்டல், கூட்டு, பொரியல் என்று தொடங்கி, கலந்த சாதத்தைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் பாதி அதிரசம். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடை.

யாருக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்த எளிய முறைக்காக வாதாடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. நீரிழிவு உறுதியானவர்கள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருந்தால் அந்தப் பாதி அதிரசம் ஒத்துக்கொண்டது. தாண்டினால் அடுத்த முறை சாதத்தையோ அதிரசத்தையோ இன்னும் குறைக்க வேண்டும். அடிக்கடி தாண்டினால் அந்த எண்களோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.