அஞ்சு ஹோலும் டாலரன்ஸுக்குள்ள, ஆனா போல்ட் ஏறல

நான் முன்னாடி வேலை பாத்த ஷாப்ல ஒரு பிளேட் வந்துச்சு, 170 மி.மீ நீளம், ஒரே வரிசைல அஞ்சு ஹோல். முதல் ஹோல்ல டவல் பின் டைட்டா உக்காரும், மத்த நாலும் 8.4 ஹோல், அது வழியா எம் 8 போல்ட் போய் கீழ இருக்கிற பிளேட்ல மரை ஏறணும். டிராயிங்ல முழுக்க செயின் டைமென்ஷன்தான்: இடது விளிம்புல இருந்து முதல் ஹோல் 15, அங்கிருந்து அடுத்தது 32.5, அப்புறம் 28.75, 32.5, 41.25, எல்லாத்துக்கும் ±0.1.

பின்னைத் தட்டி உக்கார வச்சாச்சு, ரெண்டாவது ஹோல்ல போல்ட் ஏறிடுச்சு, மூணாவது கொஞ்சம் உரசிக்கிட்டே ஏறிச்சு, நாலும் அஞ்சும் மரையவே பிடிக்கல. கீழ் பிளேட்டை செக் பண்ணா அது கரெக்ட். சரின்னு மேல் பிளேட்ல ஹோலுக்கு ஹோல் அளந்தோம்: 32.58, 28.84, 32.57, 41.34. ஒண்ணு கூட ரிஜெக்ட் இல்ல, எல்லாமே ±0.1க்குள்ள!

பிரச்சனை என்னன்னா எல்லாமே ப்ளஸ் பக்கம். 0.08, 0.09, 0.07, 0.09னு ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டே போகுது, அப்ப பின்ல இருந்து பாத்தா ரெண்டாவது ஹோல் 0.08 தள்ளி, மூணாவது 0.17, நாலாவது 0.24, அஞ்சாவது 0.33. 8.4 ஹோல்ல 8 போல்ட்னா ஒரு பக்கத்துக்கு 0.2தான் இடம். அதான் மூணாவது வரைக்கும் வந்துச்சு, நாலாவதுல மாட்டிக்கிச்சு. செயின்ல பின்ல இருந்து அஞ்சாவது ஹோலுக்கு நாலு டைமென்ஷன் தாண்டணும், நாலுமே ஒரே பக்கம் ஓடினா 0.4 வரைக்கும் போகலாம், டிராயிங்கே அதுக்கு பெர்மிஷன் குடுத்துருக்கு, மெஷின்காரர் மேல தப்பே சொல்ல முடியாது. எப்பவும் இவ்ளோ மோசமா வராது, பாதி ப்ளஸ் பாதி மைனஸ்னு அடிபட்டுப் போகும்தான், ஆனா டூலோ மெஷினோ ஒரே பக்கமா இழுத்தா அந்தக் கணக்கை நம்ப முடியாது.

இதை ஆர்டினேட்டா, அதாவது எல்லா ஹோலையும் ஒரே ஜீரோல இருந்து அளக்கிற மாதிரி மாத்தணும்னதும் பலரும் இடது விளிம்பை ஜீரோன்னு வச்சு 15, 47.5, 76.25, 108.75, 150னு கூட்டிட்டுப் போயிடுவாங்க. கூட்டல் சரிதான், டேட்டம் தப்பு. விளிம்பு இங்க எதையும் புடிச்சு நிக்கல, பின்தான் புடிக்குது, அதனால முதல் ஹோல்தான் ஜீரோ. அப்போ 32.5, 61.25, 93.75, 135, இடது விளிம்பு மைனஸ் 15, வலது விளிம்பு 155. 155ம் 15ம் சேந்தா 170, மொத்த நீளத்தோட ஒத்துப்போகுது, கூட்டல்ல எங்கயும் வழுக்கலன்னு அர்த்தம். அந்த 170ஐ மறுபடி டாலரன்ஸோட எழுதிடாதீங்க, ஒரே நீளத்துக்கு ரெண்டு உத்தரவு ஆயிடும், அடைப்புக்குறிக்குள்ள ரெஃபரன்ஸா போட்டா போதும்.

இப்ப ஒவ்வொரு ஹோலும் பின்ல இருந்து ±0.1. கீழ் பிளேட்டும் அதே மாதிரி ±0.1னா மோசமா போனாலும் 0.2, போல்ட்டுக்கு இருக்கிற இடமும் 0.2, சரியா எல்லைல நிக்குது.

ஆனா இது சும்மா கிடைக்கல. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இருக்கிற 41.25க்கு முன்னாடி ±0.1 இருந்துச்சு, இப்ப அந்த தூரம் ரெண்டு ஆர்டினேட்டோட வித்தியாசம், ரெண்டு டாலரன்ஸும் சேந்து ±0.2 ஆயிடுது. நம்ம பிளேட்ல அது போல்ட் ஹோல், கவலையில்ல. அங்க ரெண்டு கியர் ஷாஃப்ட் உக்காருதுன்னா அந்த ஒரு தூரத்தை மட்டும் நேரடியா குடுக்கணும், இல்லன்னா ரெண்டு ஆர்டினேட்டையும் ±0.05க்கு இறுக்கணும், ரேட்டும் ஏறும்.

ரவுண்டிங்கையும் பாத்துக்கோங்க. கேட் சாஃப்ட்வேர்ல ஒரு தசமம்னு செட் ஆயிருந்தா 28.75 வந்து 28.8ன்னு தெரியும், 41.25 வந்து 41.3. பிரிண்ட்ல இருக்கிறதை வச்சு கூட்டினா 32.5, 28.8, 32.5, 41.3 சேந்து 135.1, நெஜத்துல 135. ஒரு ஹோலும் போடாமலே 0.1 தொலைஞ்சாச்சு! அதனால பிரிண்ட்ல இருக்கிற நம்பரைக் கூட்டாம மாடல்ல இருந்தே ஆர்டினேட் எடுங்க.

ஆட்டோகேட்ல `DIMORDINATE` ஜீரோவை இப்ப இருக்கிற `UCS` ஒரிஜின்ல இருந்துதான் எடுக்கும், முதல்ல அதை பின் ஹோல் சென்டருக்கு நகத்தணும், மறந்தா 1247.5ன்னு ஏதோ வந்து நிக்கும். அது நல்லது, உடனே கண்ணுல படும். யாரோ முன்னாடியே விளிம்புல வச்சுட்டுப் போன `UCS`தான் ஆபத்து, 47.5ன்னு நம்பர் பாக்க நல்லாவே இருக்கும், அதனால முதல்ல பின் ஹோல்லயே ஒரு டைமென்ஷன் போட்டு ஜீரோ வருதான்னு பாத்துட்டு அப்புறம்தான் மத்ததைத் தொடுவேன்.