முதல் மழையைப் பார்த்து விதைக்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்தாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. மழை வராமல் போய்விடுமோ என்ற பயம் இல்லை, இரண்டு நாள் சாயங்கால மழையைப் பார்த்துவிட்டு ஊரே விதைக்க ஓடுமே என்ற பயம். விவசாயிகளுக்கு வானிலை ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கோவில்பட்டி கரிசல் பக்கத்திலிருந்து இந்த வருடமும் அதே போன். செப்டம்பர் கடைசியில் நல்ல இடி மழை, மறுநாள் மக்காச்சோளம் விதைப்பு. முளைத்தது. அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் சுட்டெரிக்கும் வெயில், மேலைக்காற்று. பயிர் கருகிப்போனது. "பருவமழை ஆரம்பிச்சிருச்சுன்னு போன்ல வந்துச்சே சார்" என்கிறார் அந்தப் பெரியவர். விதை வாங்க அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். இந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பும் புண்ணியவான்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள்.

மழை பெய்ததா இல்லையா என்பதை வைத்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. காற்று திரும்பியதா என்பதுதான் கேள்வி.

கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வட இந்தியாவும் பாகிஸ்தானும் கொதிக்கும்போது அங்கே காற்றழுத்தம் குறைகிறது. தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி, மடகாஸ்கருக்குக் கிழக்கே கடல் மேல் அழுத்தம் அதிகம். அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்புகிறது. அதனால்தான் அது நமக்குத் தென்மேற்கிலிருந்து வருகிறது. அது கொண்டுவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடும். நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வறண்ட காற்று.

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. வட இந்திய நிலம் சீக்கிரம் குளிர்கிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. வங்கக்கடலோ அவ்வளவு சீக்கிரம் ஆறாது. பல மீட்டர் ஆழத்துக்கு வாங்கி வைத்த வெப்பம் அதில் இருக்கிறது. அதனால் குறைந்த அழுத்தப் பகுதி வடக்கிலிருந்து மெல்ல இறங்கித் தெற்கு வங்கக்கடலுக்கு வந்து சேர்கிறது. இப்போது காற்று வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும். இந்தக் காற்றும் வலப்பக்கம் திரும்பும், அதாவது வடகிழக்கிலிருந்து வீசும். வங்கக்கடல் மேல் வரும் வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராக நம் கரையில் ஏறும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் திருப்பம் ஒரே நாளில் நடந்துவிடாது. செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மேலைக்காற்று தளர்ந்திருக்கும், கீழைக்காற்று இன்னும் வந்திருக்காது. பகல் வெயிலில் நிலம் சூடாகி, மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரம் கோபுரமாய் எழும்பி, சாயங்காலமோ ராத்திரியோ இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். பக்கத்து ஊர் காய்ந்து கிடக்கும். இது வெப்பச்சலன மழை. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர்கூடப் பெய்யலாம். இருந்தாலும் இதற்குப் பின்னால் தொடர்ந்து ஈரம் கொண்டுவரும் காற்று கிடையாது. நாளை வருமா என்றால் யாருக்கும் உத்தரவாதம் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எவ்வளவு பலமாகப் பெய்தாலும் அது பருவமழை ஆகாது.

"சாயங்காலம் கிழக்கேயிருந்துதானே சார் காத்து அடிக்குது?" என்று கேட்பார்கள். அது கடற்காற்று. கரையோரத்தில் ஜூன், ஜூலையிலும் மத்தியானத்துக்கு மேல் வரும். கடற்காற்று மெல்லிய படலம், பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே மேலைக்காற்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தரையில் வீசும் காற்றை மட்டும் நாங்கள் நம்புவதில்லை. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் கருவி கட்டிய பலூனை மேலே அனுப்பி ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தத் திசை என்று பார்க்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கடலோர ஆந்திரா வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கீழைக்காற்று நிலைத்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், கரையோரம் பரவலாக மழையும் பெய்ய வேண்டும். இவையெல்லாம் கூடி வந்தால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும். அதுவும் அக்டோபர் 10-க்கு முன்பு அறிவிப்பதில்லை. வழக்கமான தேதி அக்டோபர் 20 வாக்கில்.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 23 அன்று தென்மேற்குப் பருவக்காற்று நாடு முழுவதிலிருந்தும் விலகிவிட்டது. மறுநாளே வடகிழக்குப் பருவமழை என்று பலர் எழுதினார்கள். ஆனால் அப்போது வங்கக்கடலில் சித்ரங் புயல். புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயல் வடக்கு வங்கக்கடலில் இருந்தால் தமிழ்நாடு அதன் தென்மேற்கில் இருக்கிறது, ஆக நமக்கு வருவது மேற்கு, வடமேற்குக் காற்று. நிலத்தின் மேல் வரும் வறண்ட காற்று. கடலில் புயல், இங்கே மழை இல்லை. 24-ம் தேதி இரவு அது வங்கதேசத்தில் கரையேறியது. அதன் பிறகும் கீழைக்காற்று நிலைகொள்ளச் சில நாள் ஆனது. அக்டோபர் 29 அன்றுதான் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 1 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 8 சென்டிமீட்டர் மழை. காற்று திரும்பும் வரை பொறுத்தவருக்கும், "புயல் வருது, விதைச்சிரலாம்" என்றவருக்கும் அந்த ஒரு வாரம்தான் வித்தியாசம்.

உங்கள் ஊரிலிருந்தே இதைப் பார்க்கலாம். விடியற்காலையில் பாருங்கள், சாயங்காலம் வேண்டாம். தாழ்ந்து போகும் மேகம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறதா? கயத்தாறு பக்கம் இருப்பவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைகளைக் கவனியுங்கள். காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் அவை நிற்கும். மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பொறுங்கள். இடியில்லாமல் இரவிலும் அதிகாலையிலும் மழை வந்து, மாவட்டம் முழுக்க நனைந்தால் நல்ல அறிகுறி. ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், தொடர்ந்து சில நாள் பாருங்கள்.

மழைக்கு முன்பே விதைக்கும் வழக்கம் உள்ளவர்களை நான் தடுக்கவில்லை. புழுதி விதைப்பு நல்ல முறைதான். ஆனால் விதையை இரண்டு அங்குல ஆழத்தில் போடுங்கள், சின்னத் தூறலுக்கு அது முளைத்துவிடக் கூடாது. கையில் உள்ள விதை முழுவதையும் ஒரே தவணையில் போட்டுவிடாதீர்கள். தொடக்கம் அறிவித்த பிறகும் தினமும் மழை வரும் என்று எண்ண வேண்டாம். 2016-ல் அக்டோபர் 30 அன்று தொடங்கிய பருவமழை, முடியும்போது 60 சதவீதத்துக்கும் மேல் பற்றாக்குறை வைத்துவிட்டுப் போனது. அதனால் முதல் உரத்துக்கான செலவை, பயிர் நிலைத்து நின்ற பிறகு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையைக் கேளுங்கள், செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. எங்களுக்கே போன் செய்தாலும் சரி, விதைப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.