மூன்று ஈ.சி.ஜி.யிலும் தெரியாதது

மனபாரத்தை வெளியே சொல்லாமல் நெஞ்சுவலி என்று என்னிடம் வரும் ஆண்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வயது 43, லேத் பட்டறை வைத்திருக்கிறார். நெஞ்சு இறுக்கம் என்று மூன்று இடங்களில் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எக்கோவும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. (நெஞ்சுவலிக்கு முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் அவர் செய்தது சரியே.) நான் கேட்டதற்கெல்லாம் மனைவியே பதில் சொன்னார். மனைவியைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன்.

"ஏதாவது கவலையா?" என்று கேட்டால் ஆண்கள் "ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். அதனால் நான் தூக்கத்தைக் கேட்பேன்.

"ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

"மூணு."

"அப்போ மனசுல என்ன ஓடும்?"

பைக் சாவியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அஞ்சாம் தேதி டியூ." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா போய் எட்டு மாசம் ஆச்சுங்க. நான் இன்னும் அழலை."

கொள்ளி வைத்த அன்று "நீதான் தைரியமா இருக்கணும்" என்று சொந்தக்காரர்கள் தோளைத் தட்டியிருக்கிறார்கள். அதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"பேசினா கடன் அடைஞ்சிடுமா டாக்டர்?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அடையாது. அடையும் என்று யாரும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே கிடக்கும் விஷயம் ஒரே பாரமாக அழுத்தும். இன்னொருவருக்குச் சொல்லும்போது எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். அப்படிப் பிரித்தபோதுதான் இவருக்கே ஒன்று தெரிந்தது. டியூ ஆறு வருடமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் அதைப் பற்றிப் பேச இருந்த அப்பாதான் இப்போது இல்லை.

அடுத்தது, "ரெண்டு ரவுண்டு போனா எல்லாத்தையும் கொட்டிடுவேன்" என்பது. தயவுசெய்து வேண்டாம். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும். அந்த மூன்று மணி விழிப்பு இன்னும் மோசமாகும்.

யாரிடம் சொல்வது? கேட்டதை வேறெங்கும் போய்ச் சொல்லாதவர், நீங்கள் பணம் தர வேண்டியிராதவர். இவர் பள்ளிக்கூட நண்பரைத் தேர்ந்தெடுத்தார். முதல் தடவை சொதப்பிவிட்டது. இவர் வாய் திறந்ததுமே "பட்டறையை வித்துடுடா" என்றிருக்கிறார் நண்பர். இரண்டாம் முறைக்கு நான் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: "யோசனை எதுவும் வேணாம்டா, பத்து நிமிஷம் கேளு." நேருக்கு நேர் உட்கார வேண்டாம், நடந்துகொண்டே பேசுங்கள் என்றேன். முகம் பார்க்காமல் பேசுவது பல ஆண்களுக்குச் சுலபம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நண்பர் மட்டும் போதாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நம் நாட்டில் தற்கொலையில் போகிற பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். டியூ அப்படியேதான் இருக்கிறது. விழிப்பு ஐந்து மணிக்கு வருகிறதாம். கால்வாய்க் கரையில் நடக்கும்போது அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்து அழுதுவிட்டாராம். "அவன் ஒண்ணும் சொல்லலைங்க, கூடவே நடந்தான்" என்றார்.