ஆறு இலக்க சீட்டு நம்பர் நாலே நாள்ல ஏன் மோதுச்சு?

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை எடை போடுற நாலு ஷெட்டுக்கு, ஒவ்வொரு எடைக்கும் நம்பரோட ஒரு சீட்டு போடுற ஆப் எழுதிக் குடுத்தேன். சரிவுல பாதி இடத்துல சிக்னல் கிடையாது, அதனால சீட்டு நம்பரை சர்வர்கிட்ட கேட்டு வாங்க வழியில்ல, அந்தந்த போனே ரேண்டமா ஆறு இலக்கத்துல ஒண்ணு போட்டுக்கும், சாயங்காலம் சிக்னல் கிடைச்சதும் எல்லாம் சர்வருக்கு ஏறிடும். மொத்தம் 10 லட்சம் நம்பர், ஒரு நாளைக்கு 300 சீட்டுதான், வருஷக்கணக்குல தாங்கும்னு நெனச்சேன்.

நாலாவது நாளே ஆப்ல காட்டுன மொத்தம் லாரி எடையை விட 43 கிலோ கம்மி. தேடிப் பாத்தா ஒரு அக்காவோட 43 கிலோ சீட்டு மேல, வேற ஷெட்டுல போட்ட 18 கிலோ சீட்டு அதே நம்பர்ல ஏறி அதை அழிச்சிருக்கு. "தம்பி, சீட்டு என் கையில இருக்கு, கணக்குல எங்க போச்சு?"ன்னு அந்தக்கா கேட்டது நியாயம்தான்.

துரதிர்ஷ்டம்னு இதை விட முடியாது, பிறந்தநாள் கணக்கு இது. ஒரு ரூம்ல 23 பேர் இருந்தா ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல வாய்ப்பு. நம்ப முடியலன்னா காரணம், நாம "என் பிறந்தநாள் யாருக்காவது இருக்குமா"ன்னு யோசிக்கிறோம், அதுக்கு 22 ஜோடிதான். ஆனா யாரும் யாரோடயும் பொருந்தலாம்னா 253 ஜோடி. ஆள் ரெண்டு மடங்கானா ஜோடி கிட்டத்தட்ட நாலு மடங்காகுது, எல்லாம் அங்கதான் இருக்கு.

n சீட்டு, N நம்பர்னா எத்தனை மோதல் எதிர்பாக்கலாம்னு கிட்டத்தட்ட சொல்ற கணக்கு:

```
n² / (2N)
```

நாலு நாள்ல 1,200 சீட்டு. ஜோடி சுமார் 7.2 லட்சம், அதை 10 லட்சத்தால வகுத்தா 0.72. இதுல இருந்து ஒரு மோதலாவது நடக்குற வாய்ப்பு 51 சதவீதம்னு வருது, அதாவது காசு சுண்டிப் பாக்குற மாதிரி.

அப்ப எவ்வளவு நீளம் வேணும்? மொதல்ல ஆயுசுக்கும் எத்தனை சீட்டு போடுவோம்னு முடிவு பண்ணணும், நாங்க 10 லட்சம்னு வெச்சோம். வெறும் இலக்கத்துக்குப் பதிலா ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து போடலாம்னு, 0, O, 1, I எல்லாம் படிக்கிறப்ப குழப்பும்னு தூக்கிட்டு 32 எழுத்து எடுத்தோம். எட்டு எழுத்துன்னா 1.1 லட்சம் கோடி குறியீடுகள், தாராளம்னு தோணும், ஆனா 10 லட்சம் சீட்டுல மோதல் வர சுமார் 37 சதவீத வாய்ப்பு! எழுத்து ஒண்ணு கூட்டுனா குறியீடுகள் 32 மடங்காகும், ஆனா அதே பாதுகாப்போட போடக்கூடிய சீட்டு 5.7 மடங்குதான் கூடும், ஏன்னா வர்க்கமூலம். 12 எழுத்துக்குப் போனப்பதான் பத்து லட்சத்துல ஒண்ணுக்கும் கீழ எறங்குச்சு. இப்ப நாலு நாலா பிரிச்சு அச்சாகுது, போன்ல படிச்சு சொல்லவும் சிரமமில்ல.

இந்தக் கணக்கெல்லாம் ரேண்டம் உண்மையாவே ரேண்டமா இருந்தாதான் செல்லும். போன்ல காட்டுற நேரத்தை ஆரம்ப எண்ணா வெச்சு நம்பர் எடுத்தா, ஒரே நொடியில ஆப் தொறந்த ரெண்டு போனும் ஒரே வரிசையைத்தான் துப்பும், அப்ப 12 எழுத்து என்ன, 40 எழுத்து இருந்தாலும் மோதும். அதனால போனோட சிஸ்டமே தர்ற பாதுகாப்பான ரேண்டத்துக்கு மாத்தினேன், கூடவே சர்வர்ல ஒரே குறியீடு ரெண்டாவது தடவை வந்தா மேல எழுதாம நிறுத்தி வெக்கச் சொல்லிட்டேன்.