பணம் கொண்டுவந்த விளம்பரம் எது?

ஒரு தையல் பயிற்சி மையம் ஃபேஸ்புக்கில் இரண்டு விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஆரி எம்ப்ராய்டரி வகுப்புக்கு, மற்றொன்று பிளவுஸ் கட்டிங் வகுப்புக்கு. செலவு தலா 5,000 ரூபாய்.

இரண்டையும் இணையதளத்தின் முகப்புக்கே அனுப்பினால், ஆரி கற்க வந்தவர் அது எங்கே இருக்கிறது என்று மெனுவைத் துழாவ வேண்டும். பலர் துழாவ மாட்டார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி லேண்டிங் பேஜ், அதாவது விளம்பரத்தைத் தட்டியதும் திறக்கும் பக்கம். விளம்பரத்தில் ‘ஞாயிறு மட்டும் ஆரி வகுப்பு’ என்று இருந்தால், பக்கத்தின் தலைப்பிலும் அதே சொற்கள், அதே படம். கீழே கட்டணம், நேரம், சின்னதாக ஒரு படிவம், அவ்வளவு போதும்.

சரி, வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்? அதைச் சொல்வது முகவரியின் வாலில் ஒட்டியிருக்கும் யூ.டி.எம் டேக்:

```
https://example.com/aari?utm_source=facebook&utm_medium=paid&utm_campaign=aari&utm_content=video1
```

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது பக்கத்தின் தோற்றத்தை மாற்றாது. இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் அதைப் படித்து, இந்த வருகை ஆரி வீடியோ விளம்பரத்தின் கணக்கு என்று குறித்துக்கொள்ளும். இந்த டேக் முறை அர்ச்சின் என்ற நிறுவனத்திலிருந்து வந்தது. 2005-ல் அதை கூகுள் வாங்கியது.

ஆனால் அனலிட்டிக்ஸுக்குத் தெரிவது இணையதளத்தில் நடப்பது மட்டும்தான். மாணவர் படிவத்தை நிரப்பி, போனில் பேசி, நாலு நாள் கழித்து நேரில் வந்து ஜிபேயில் பணம் கட்டினால் டேக் நடுவழியில் தொலைந்துபோகும். அதற்குப் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைப்பார்கள்:

```
<input type="hidden" name="utm_campaign">
```

பக்கம் திறந்ததும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் முகவரியிலிருந்து டேக்கை எடுத்து இதில் நிரப்பிவிடும். பெயர், போன் எண்ணோடு அதுவும் எக்செல் ஷீட்டுக்கு வந்து சேரும். பணம் வந்த அன்று அதே வரிசையில் தொகையை எழுதினால் விடை தெரிந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆரி விளம்பரத்தில் 40 படிவம், பிளவுஸில் 15. படிவத்தோடு நிறுத்தினால் ஆரிதான் லாபம்: ஒரு விசாரணைக்கு 125 ரூபாய், பிளவுஸுக்கு 333. ஆனால் பணம் கட்டியவர்கள் ஆரியில் 2 பேர், பிளவுஸில் 6 பேர் என்றால்? ஒரு மாணவரைச் சேர்க்க ஆரிக்கு 2,500 ரூபாய், பிளவுஸுக்குச் சுமார் 833. முடிவே தலைகீழாகிவிடுகிறது. விசாரணையை மட்டும் எண்ணி விளம்பரச் செலவைக் கூட்டுவது வீண் என்பேன்.

கெட்டுப்போவதெல்லாம் சின்ன இடங்களில்தான். `Facebook`, `facebook` இரண்டும் அனலிட்டிக்ஸுக்கு வேறு வேறு. ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட்களில் சில, முகவரியின் வாலை வெட்டிவிடும். ஷீட்டில் அந்தக் கட்டம் தொடர்ந்து காலியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து நேரே போன் செய்பவரின் டேக் படிவத்தில் வராது. அவரிடம், ‘எந்த விளம்பரம் பார்த்தீங்க?’ என்று வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.