உப்புதானே என்று ஊறவைக்காதீர்கள்

அடிபிடித்த அலுமினியச் சட்டியைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் உட்புறம் கறுத்து, தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் என்னிடம் வேதியியல் படிக்கும் பிளஸ் டூ மாணவி. "சோடியம் கார்பனேட்டு உப்புதானே சார், அதில் OH ஒன்றுகூட இல்லையே, அது எப்படி அரிக்கும்?" என்று கேட்டாள். இதே கருத்தை அரையாண்டு விடைத்தாள்களில் எத்தனை பேர் எழுதியிருந்தார்கள் என்று சொன்னால் எனக்குத்தான் வெட்கம். உப்பு என்றால் நடுநிலை, pH 7, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள்.

அமிலமும் காரமும் சரியான அளவில் சேர்ந்தால் உப்பு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உப்பைத் தண்ணீரில் போட்ட பிறகு அதன் அயனிகள் என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்த விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சமையல் உப்பைக் கரைத்தால் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தண்ணீரைத் தொந்தரவு செய்யாமல் கிடக்கின்றன. அதனால் கரைசல் நடுநிலையாக இருக்கிறது. அந்த ஒரே ஓர் உப்பைப் பார்த்துவிட்டு எல்லா உப்பும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

கார்பனேட்டு அயனி சும்மா கிடக்கும் ரகமல்ல. அது தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சைடாக மிஞ்சுகிறது.

CO₃²⁻ + H₂O ⇌ HCO₃⁻ + OH⁻

மாணவி தேடிய OH இதோ. உப்பின் வாய்பாட்டில் அது இல்லை, தண்ணீரிலிருந்து பிறந்தது. உப்பின் அயனி இப்படித் தண்ணீரோடு வினைபுரிவதைத்தான் நீராற்பகுத்தல் என்கிறோம். குளோரைடு ஏன் இப்படிப் பறிப்பதில்லை? ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிகுந்தது, புரோட்டானைத் தண்ணீரில் முழுவதும் விட்டுவிடும். அப்படி விட்டுவிட்டுப் போன குளோரைடு அதைத் திரும்பக் கேட்காது. பைகார்பனேட்டு தன் புரோட்டானை எளிதில் விடாது. அதனால் அந்தப் புரோட்டானை இழந்து நிற்கும் கார்பனேட்டு, இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று அலைகிறது.

அம்மோனியம் குளோரைடில் கதை தலைகீழ். குளோரைடு வழக்கம்போல் ஒதுங்கிக்கொள்ள, அம்மோனியம் தன்னிடமுள்ள ஒரு புரோட்டானைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, கரைசல் அமிலமாகிறது.

NH₄⁺ + H₂O ⇌ NH₃ + H₃O⁺

இப்போது என்னை மிகவும் எரிச்சலூட்டும் விளக்கத்துக்கு வருகிறேன். "சோடியம் கார்பனேட்டு தண்ணீரில் NaOH ஆகவும் H₂CO₃ ஆகவும் பிரியும். NaOH வலிமையானது, அது ஜெயித்துவிடும், ஆகவே கரைசல் காரத்தன்மை." மனப்பாடத்துக்கு வசதிதான், ஆனால் நடப்பது இதுவல்ல. NaOH-உம் H₂CO₃-உம் ஒரே குவளையில் அக்கம்பக்கம் இருந்தால் அந்தக் கணமே ஒன்றோடொன்று வினைபுரிந்துவிடும், யார் ஜெயிப்பது என்று காத்திருக்காது. சோடியத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தை வையுங்கள். பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலும் அதே அளவுக்குக் காரமாகத்தான் இருக்கும். அடுத்து, சோடியத்தை அப்படியே விட்டுக் கார்பனேட்டுக்குப் பதில் குளோரைடை வையுங்கள். காரத்தன்மை காணாமல் போய்விடும். குற்றவாளி யார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

H₂CO₃ உருவாவதும் பெயரளவுக்குத்தான். அதனால்தான் சலவைச் சோடாவை வெறும் தண்ணீரில் கரைத்தால் குமிழி வருவதில்லை. அமிலம் ஊற்றினால்தான் நுரைக்கும். "நீராற்பகுத்தலால் கார்பன் டைஆக்சைடு வெளிவரும்" என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது குவளையை உற்றுப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

எவ்வளவு நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நீரற்ற சோடியம் கார்பனேட்டு 10.6 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் அது 0.1 மோலார் கரைசல். கடையில் கட்டியாகக் கிடைக்கும் படிகச் சோடா என்றால், அதனுள் பத்து நீர் மூலக்கூறுகள் இருப்பதால், 28.6 கிராம் வேண்டும். இதில் நூறு கார்பனேட்டு அயனிகளில் நான்கைந்துதான் புரோட்டானைப் பறிக்கின்றன. அதற்கே pH ஏறத்தாழ 11.6 ஆகிறது. தூய நீரில் இருப்பதைவிட நாற்பதாயிரம் மடங்குக்கும் மேல் ஹைட்ராக்சைடு. அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கரைக்க இது தாராளம். படலம் போனதும் உலோகமே கரையத் தொடங்கும், ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். சட்டி கறுத்தது இப்படித்தான்.

அம்மோனியம் குளோரைடு 5.35 கிராமில் அதே அளவுக் கரைசல் தயாரித்தால் லட்சம் அம்மோனியம் அயனிகளில் ஏழெட்டுதான் புரோட்டானை விடுகின்றன. pH சுமார் 5.1. தூய நீரைவிட எழுபத்தைந்து மடங்கு அமிலம் என்று சொல்லலாம், ஆனால் கார்பனேட்டுக்கு முன் இது சாது.

இந்த வித்தியாசம்தான் செய்முறை வகுப்பில் மாணவர்களைக் கவிழ்க்கிறது. சோடியம் கார்பனேட்டில் சிவப்பு லிட்மஸ் சட்டென்று நீலமாகும், யாருக்கும் சந்தேகம் வராது. அம்மோனியம் குளோரைடில் நீல லிட்மஸ் பளிச்சென்று சிவக்காது, மங்கிய ஊதா கலந்த நிறத்துக்கு மாறி நின்றுவிடும். லிட்மஸின் நிறமாற்றமே ஏறத்தாழ 4.5-க்கும் 8.3-க்கும் இடையில் நடப்பதால் 5.1 நடுவழியில் மாட்டிக்கொள்கிறது. உடனே பையன் "நடுநிலை" என்று எழுதிவிடுகிறான். தயவுசெய்து மெத்தில் சிவப்பு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஆரஞ்சு நிறம் தெரியும்.

இன்னொரு பொறியும் உண்டு. திறந்து வைத்த வாலை வடிநீர் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு தானே 5.6 வரை இறங்கிவிடும். அந்த நீரில் சோதித்துவிட்டு உப்பால் வந்த அமிலம் என்று சொன்னால் நான் மதிப்பெண் போடமாட்டேன். நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். உப்புப் போடாத அதே நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அம்மோனியம் குளோரைடைத்தான் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டு வாங்குகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் அதைத் தூவித் துடைப்பார். அங்கே வேலை செய்வது நீராற்பகுத்தல் அல்ல. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து உலோக ஆக்சைடைச் சுத்தம் செய்கிறது. புகை மூக்கில் ஏறுவதும் அதனால்தான்.

நவச்சாரத்தையும் சலவைச் சோடாவையும் ஒரே பாத்திரத்தில் கலக்க வேண்டாம். ஒன்று கொடுக்கத் துடிக்கும் புரோட்டானை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும், அம்மோனியா வாயு கிளம்பும். சூடுபடுத்தினால் இன்னும் வேகமாக. ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டும்போது சோதனைக் குழாயின் வாயில் மூக்கை வைக்காதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கத்துகிறேன். குழாயைத் தள்ளிப் பிடித்துக் கையால் காற்றை மூக்குப் பக்கம் மெல்ல விசிறினாலே நெடி தெரிந்துவிடும். அதுகூட வேண்டாம் என்றால், ஈரமான சிவப்பு லிட்மஸைக் குழாயின் வாய்க்கு மேல் காட்டுங்கள், நீலமாகிவிடும்.